வாயப்பயமா, வாளப்பளமா, வாழைப்பழமா? வடசென்னைப் பேச்சில் ழகரத்தைப் பதிந்து ஒப்பிடும் முறை

வடசென்னைத் தமிழ் என்றதும் பலரும் ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ என்று சொற்களை அடுக்குவார்கள். சொற்களைப் பட்டியல் போடுவது எளிது. ஒலியை ஒப்பிடுவதுதான் கடினம், ஏனென்றால் காது தனக்குப் பழகியதைத்தான் கேட்கும். இந்த வழிகாட்டி ஒரே ஓர் ஒலியை எடுத்துக்கொள்கிறது: ழகரம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பேச்சில் அது எப்போது ‘ய’ ஆகிறது, எப்போது ‘ள’ ஆகிறது, எப்போது ழகரமாகவே நிற்கிறது? அதைப் பதிந்து, அளந்து, சாதி அடையாளம் தெரியாத பொதுப் பேச்சோடு எப்படி ஒப்பிடுவது? ஒரு கைப்பேசியும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் போதும்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

ழகரத்துக்குப் பேச்சுத் தமிழில் பெரும்பாலும் மூன்று கதிகள். சென்னை, வேலூர், திருவண்ணாமலை, செங்கல்பட்டு என்று வடபகுதியில் அது ‘ய’ ஆகும்: மய, வாயப்பயம், கொயந்த, கயட்டு. மதுரை, திருநெல்வேலி பக்கம் ‘ள’ ஆகும்: மள, வாளப்பளம், கொளந்த. மூன்றாவது, நாக்கை மடித்துச் சொல்லும் ழகரமே. இது கன்னியாகுமரிப் பக்கம் ஊர்ப் பேச்சிலேயே உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் பள்ளிக்கூடமும் மேடையும் செய்தி வாசிப்பும் கொடுத்த பழக்கம். பிராமணர் பேச்சில் வீட்டுக்குள்ளும் அது தங்கியிருப்பதைச் சாதிவழி வழக்குகளை ஆராய்ந்தவர்கள் நெடுநாளாகக் குறித்து வந்திருக்கிறார்கள்.

இதிலிருந்தே முதல் சிக்கல் கிளம்புகிறது. ‘பொதுத் தமிழ்’ என்று எதை வைப்பது? அச்சிட்ட பக்கத்தை ஒருவர் வாசித்துக் காட்டுவதை வைத்தால், பேச்சை எழுத்தோடு ஒப்பிட்டதாக ஆகும். அது செல்லாது. ஊரும் சாதியும் பிடிபடாமல் பேசுவது என்பது ஓர் ஊரின் வழக்கு அல்ல. அது ஒரு பேச்சு நிலை: வங்கி மேலாளரிடம், ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம், பிள்ளையின் ஆசிரியரிடம் ஒருவர் எடுத்துக்கொள்ளும் நிலை. வடசென்னைக்காரர் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. வீட்டில் ‘கயட்டி வெச்சிட்டேன்’ என்பவரே அலுவலகத்தில் ‘கழட்டி வச்சிட்டேன்’ என்பார், சிலர் ‘களட்டி’ என்பார்.

ஆகவே முதல் ஒப்பீடு ஒரே ஆளின் இரண்டு நிலைகளுக்கு இடையே நடக்கட்டும். ஆளுக்கு ஆள் ஒப்பிடுவது அதற்குப் பிறகு. தொண்டையின் நீளம், வயது, மைக் என்று பல வேறுபாடுகள் ஒரே ஆளிடம் தானாகவே விலகிவிடும். மிஞ்சுவது நாக்கு செய்யும் வேலை மட்டும்தான்.

பேசுபவரிடம் சாதியைக் கேட்க வேண்டாம். கேட்டதும் பேச்சு இறுகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ‘ய’ என்று கேட்டதுமே ஒரு சாதியையும் வகுப்பையும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் கேட்பவரிடம்தான் இருக்கிறது. அந்த ஒலி வடமாவட்டங்களில் பல சமூகத்தார் வாயிலும் வருவது. கேட்க வேண்டியவை வேறு: பிறந்து வளர்ந்த தெரு, அம்மாவும் அப்பாவும் எந்த ஊர், படிப்பு எந்த மொழியில், வேலை எங்கே, வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி உண்டா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வடசென்னையில் தெலுங்கும் உருதும் வீட்டு மொழியாக இருக்கும் குடும்பங்கள் நிறைய. ழகரம் இல்லாத மொழி வீட்டில் இருந்தால் முடிவை வேறு விதமாகப் படிக்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு ஆறு பேர் போதும். ஐம்பதைத் தாண்டிய மூவர், முப்பதுக்குக் கீழே மூவர், இரண்டிலும் ஆணும் பெண்ணும் கலந்து இருக்கட்டும். இருபது பேரை அரைகுறையாகப் பதிவதைவிட இது மேல்.

சொற்களைத் தேர்வது

ழகரம் வரும் எல்லாச் சொல்லும் அளக்க உதவாது. ‘கோழி’, ‘கிழி’, ‘ஏழு’ இவற்றில் பக்கத்து உயிர் இகரமாகவோ ஏகாரமாகவோ இருக்கிறது. அவையே யகரத்துக்கு நெருங்கிய ஒலிகள். ‘கோயி’ என்பதில் யகரம் எங்கே தொடங்கி இகரம் எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. அதனால் முன்னால் அகரமோ ஆகாரமோ உள்ள சொற்களை எடுங்கள். பின்னாலும் அகரமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த உயிர்களுக்கு நடுவே ய, ள, ழ, ல நான்கும் தெளிவாகப் பிரியும்.

ழகரத்துக்கு: பழம், வாழை, மழை, பழசு, அழகு, வழக்கம், கழட்டு, தாழம்பூ. ளகரத்துக்கு: அளவு, தாளம், வளையல், வளரு, வாளை மீன். யகரத்துக்கு: பயம், வயசு, மயக்கம், தயவு. லகரத்துக்கு: வலை, மலை, பலகை, பலம். காசிமேட்டில் வாளை மீனும் வலையும் தினசரிச் சொற்கள் என்பதால் வலிந்து கேட்க வேண்டியதில்லை, பேச்சில் தானே வந்து விழும். வாயை, வாழை, வாளை, வாலை என்று நான்கும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தமிழில் அமைந்திருப்பது ஆராய்ச்சிக்காரருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

சில சொற்களைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ‘இழுத்துக்கொண்டு’ என்பது ‘இஸ்துகினு’ ஆவதும், ‘பொழுது’ என்பது ‘போது’ ஆவதும் அந்தந்தச் சொல்லுக்கே உரிய உருவங்கள். அங்கே ழகரம் யகரமாக மாறவில்லை, சொல்லே வேறு வடிவம் எடுத்துவிட்டது. இவற்றைச் சேர்த்தால் விழுக்காடு கெடும். தனியே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மூன்று விதமாகப் பேசவைத்தல்

ஒவ்வொருவரிடமும் மூன்று பகுதி பதிய வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது.

முதலில் இருபது நிமிடம் சும்மா பேச்சு. கேள்வி கேட்பவர் அந்தப் பகுதிக்காரராகவோ, பேசுபவருக்கு உறவோ நட்போ ஆனவராகவோ இருக்கட்டும். வெளியாள் கேட்டால் முதல் வாக்கியத்திலேயே பொதுப் பேச்சு ஏறிக்கொள்ளும். ‘இன்னாக்கா, போன மழைக்கு வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?’ என்று கேட்காதீர்கள். ‘மழை’ என்ற சொல்லைக் கேட்பவரே சொல்லிவிட்டால், பேசுபவர் அந்த உச்சரிப்பைப் பின்பற்றுவார். ‘போன டிசம்பர்ல இங்க எப்டிக்கா இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘மய’ அவர் வாயிலிருந்து தானாக வரும்.

அடுத்து பத்து நிமிடம் படமும் பொருளும். சாமிக்குத் தேங்காயோடு தட்டில் என்ன வைப்பார்கள்? புதுசுக்கு எதிர் என்ன? பொடியன் ஸ்கூலிலிருந்து வந்ததும் சட்டையை என்ன செய்வான்? இப்படிக் கேட்டால் பழமும் பழசும் கழட்டுவதும் வரும். ஒவ்வொரு சொல்லும் மூன்று தடவை வரவேண்டும், ஆனால் அடுத்தடுத்து வரக்கூடாது. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னால் ‘தப்பாச் சொல்லிட்டோமோ’ என்று நினைத்துத் திருத்திக்கொள்வார்கள். எண்களை வரிசையாக எண்ணச் சொல்லவும் வேண்டாம். எண்ணுவது வகுப்பறையில் ஏறிய ராகம், அதில் வீட்டுப் பேச்சு தெரியாது.

மூன்றாவதாகப் பொதுப் பேச்சு. இதற்கு ஆளை மாற்றுங்கள். அறிமுகமில்லாத ஒருவர், சட்டை மடிப்புக் கலையாதவர், வந்து உட்கார்ந்து ‘நீங்க’ என்று பேசட்டும். அதே பொருள்களைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்கட்டும். சூழ்ச்சிபோலத் தெரியலாம். ஆளை மாற்றப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டால் சூழ்ச்சி இல்லை, சொன்னாலும் பேச்சு மாறத்தான் செய்யும். கடைசியில் வேண்டுமானால் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லலாம். வாசிப்பை முதலில் வைத்தால் அடுத்த அரைமணி நேரமும் ழகரம் நாக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். வரிசையை மாற்றாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

தொடங்கும் முன், எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள், பிறகு அழிக்கச் சொல்லலாமா என்பதை விளக்கி, சம்மதத்தை அவர் குரலிலேயே பதியுங்கள். ‘உச்சரிப்பைப் பார்க்கிறோம்’ என்று நேராகச் சொன்னால் உச்சரிப்பு மாறிவிடும். ‘இந்தப் பக்கம் ஜனங்க எப்படிப் பேசறாங்கன்னு பதியறோம்’ என்றால் பொய்யும் இல்லை, காரியமும் கெடாது. எந்த ஒலி என்பதைக் கடைசியில் விளக்குங்கள், அதைக் கேட்டபின் சம்மதத்தை மறுபடி உறுதிசெய்யுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்காமல் குறியீடு வையுங்கள்: `RP_F52_01_veedu.wav`, `RP_F52_01_podhu.wav` என்பதுபோல.

பதிவு

கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவுச் செயலி பெரும்பாலும் ஒலியைச் சுருக்கி வைக்கும். கூடவே இரைச்சலைக் குறைக்கிறேன் என்று சில அலைவரிசைகளை நறுக்கிவிடும். நமக்கு வேண்டிய தகவல் 1,500 முதல் 3,200 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அங்கே கை வைத்தால் எல்லாம் போயிற்று. `WAV` வடிவத்தில், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்று அமைக்கக்கூடிய செயலியைப் போட்டு, இரைச்சல் குறைப்பையும் தானாக ஒலியளவு கூட்டுவதையும் அணைத்துவிடுங்கள். முடிந்தபின் வாட்ஸப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் அது மறுபடி சுருங்கும். ஆவணமாக அனுப்புங்கள், இல்லையென்றால் கம்பி போட்டு நகலெடுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கன்னத்துப் பக்கம் சற்றுச் சாய்ந்து இருக்கட்டும். நேராக வைத்தால் ‘ப’ சொல்லும்போது வரும் காற்று மைக்கில் இடிக்கும். சட்டையில் குத்தும் மைக் ஆண்களுக்குச் சரி, புடவையில் குத்தினால் சரிகை உரசும் சத்தம் முழுப் பதிவிலும் கேட்கும். அளவுமானியின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிரிக்கும்போது எகிறும், அதற்கு இடம் விடத்தான் இந்த அளவு.

சத்தம்தான் வடசென்னையின் உண்மையான எதிரி. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரியின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் அளவீட்டை அவ்வளவாகக் கெடுக்காது. கெடுப்பவை மின்விசிறி, மிக்ஸி, பக்கத்து வீட்டு டிவி. டிவியில் இன்னொரு மனிதக் குரல் இருப்பதால் மென்பொருள் குழம்பிப்போகும். உள்ளறையில் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதன் எதிரே பேசுபவரை உட்காரவையுங்கள். கீழே பாய், சுவரோரம் மெத்தை. வெறும் சுவரும் மொசைக் தரையும் எதிரொலிக்கும்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலநேரத்தில் எதுவும் பதிய முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பேச ஆள் கிடைக்கும் காலம் அதுதான். ஆனால் அப்போதுதான் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலையும் நடக்கும், வெயிலும் கொளுத்தும். விசிறியை அரைமணி நேரம் அணைத்து வைக்க யாராலும் ஆகாது. படம் காட்டும் பகுதிக்கு மட்டும் ஐந்தைந்து நிமிடமாக அணையுங்கள். சும்மா பேசும் பகுதியில் விசிறி குறைந்த வேகத்தில், மைக்குக்குக் காற்று அடிக்காத பக்கம் ஓடட்டும். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு முன்னால் எந்த மைக்கும் நிற்காது.

அளப்பது எதை

தொல்காப்பியர் ழகரத்தை ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்று நாக்கைக்கொண்டு சொன்னார். நுனி நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தடவுகிறது, ஒட்டுவதில்லை. இந்த வளைவு ஒலியில் விட்டுச்செல்லும் தடத்தைத்தான் நாம் தேடுகிறோம்.

வாய்க்குள் காற்று அதிரும்போது சில அலைவரிசைகள் மட்டும் வலுக்கும். ஒலியை நேரமும் அலைவரிசையுமாக வரைந்து காட்டும் ஒலிப்படத்தில் அவை கிடையான கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். கீழிருந்து எண்ணி F1, F2, F3 என்பார்கள். ழகரத்தில் F3 மடமடவென்று இறங்கி F2-க்கு அருகில் வந்துவிடும். யகரத்தில் நேர்மாறு: F2 ஏறி F3-ஐ நெருங்கும், இரண்டும் உயரத்தில் நிற்கும். ளகரத்தில் F2 தாழ்ந்தும் F3 ஏறக்குறைய இருந்த இடத்திலும் நிற்கும். கூடவே ஒலியளவு சட்டென்று குறையும், ஏனென்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் காற்றைப் பக்கவாட்டில் விடுகிறது. ஒலிப்படத்தில் ளகரத்தின் இரண்டு ஓரமும் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். ழகரமும் யகரமும் உயிரிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்து வழுக்கிக்கொண்டே போகும்.

அதனால் ஒரு எண் போதாது. F3 மட்டும் பார்த்தால் ளகரமும் யகரமும் சில குரல்களில் கலங்கும். F2 மட்டும் பார்த்தால் ழகரமும் ளகரமும் ஒன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மூன்றும் மூன்று மூலைக்குப் போகும்.

அளக்க `Praat` என்ற இலவச மென்பொருள் போதும். பதிவை `Open > Read from file...` வழியாகத் திறந்து, `Annotate > To TextGrid...` கொடுத்து `sol oli` என்று இரண்டு அடுக்கு கொண்ட கட்டம் போடுங்கள். ஒலியையும் அந்தக் கட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்து `View & Edit` அழுத்தினால் படம் வரும். முதல் அடுக்கில் முழுச் சொல், இரண்டாவதில் நமக்கு வேண்டிய மெய்யை மட்டும் எல்லை குறித்துப் பெயரிடுங்கள். அது எழுத்தில் எது என்பதைத்தான் பெயராகக் கொடுக்க வேண்டும், காதில் எது விழுகிறது என்பதை அல்ல. ‘பயம்’ என்று கேட்டாலும் அவர் சொன்னது பழமென்றால் `zh`. மற்றவற்றுக்கு `L`, `l`, `y`. காது சொல்வதை இங்கே எழுதினால், நிரூபிக்க வேண்டியதை முன்பே முடிவு செய்ததாகிவிடும்.

எல்லை குறிக்கும்போது பதிவு நேரத்தைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும். எல்லையை எங்கே வைப்பது என்று தெரியாத இடத்தில் ஒலியளவு மிகக் குறைந்த இடத்தையும் பட்டைகள் திரும்பும் இடத்தையும் பார்த்து வையுங்கள். நாம் நடுப்புள்ளியில் அளக்கப்போவதால் ஓரம் சில மில்லிநொடி தவறினாலும் பரவாயில்லை.

பிறகு ஒலியையும் கட்டத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து இதை ஓட்டுங்கள்:

```
s = selected ("Sound")
g = selected ("TextGrid")
selectObject: s
f = To Formant (burg): 0, 5, 5500, 0.025, 50
selectObject: g
n = Get number of intervals: 2
for i to n
  selectObject: g
  a$ = Get label of interval: 2, i
  if a$ <> ""
    t1 = Get start time of interval: 2, i
    t2 = Get end time of interval: 2, i
    t = (t1 + t2) / 2
    selectObject: f
    f2 = Get value at time: 2, t, "hertz", "linear"
    f3 = Get value at time: 3, t, "hertz", "linear"
    appendInfoLine: a$, tab$, fixed$ (f2, 0), tab$, fixed$ (f3, 0)
  endif
endfor
```

5500 என்பது பெண் குரலில் மென்பொருள் பட்டைகளைத் தேடும் உச்சவரம்பு. ஆண் குரலுக்கு அதை 5000 ஆக்குங்கள். மறந்துபோய் எல்லாருக்கும் ஒரே எண்ணை ஓட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

ஆளுக்கு ஆள் ஒப்பிட இன்னும் ஒரு படி உண்டு. ஒவ்வொருவரின் சாதாரண அகரத்திலும் (கடல், பத்து, மரம் போன்ற சொற்களில்) பத்து இடத்தில் F3 அளந்து சராசரி எடுங்கள். அந்த எண்ணால் அவருடைய எல்லா F2, F3 மதிப்புகளையும் வகுத்துவிடுங்கள். இப்போது கையில் இருப்பது ஹெர்ட்ஸ் அல்ல, விகிதம். நீளமான தொண்டைக்காரரையும் சிறிய தொண்டைக்காரரையும் ஒரே தாளில் வைக்கலாம்.

ஒரு குரலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் கணக்கைக் காட்ட எடுத்துக்கொண்டவை, ஆனால் ஒரு பெண் குரலில் எதிர்பார்க்கக்கூடிய வீச்சில் இருப்பவை. அகரத்தின் F3 சராசரி 2,700 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சந்தேகமில்லாத ஒலிகளை வைத்து மூலைகளை நாட்டுகிறோம். ‘பயம்’, ‘வயசு’ இவற்றின் யகரத்தில் F2 2,300, F3 3,080. விகிதம் 0.85, 1.14. ‘அளவு’, ‘வாளை’ இவற்றின் ளகரத்தில் F2 1,520, F3 2,720. விகிதம் 0.56, 1.01. இவை இரண்டும் அவரவர் குரலிலேயே கிடைக்கும் நங்கூரங்கள். ழகர மூலைக்கு அவர் வாசித்த பத்தியிலிருந்து எடுக்கலாம். வாசிப்பிலும் ழகரம் வரவில்லையென்றால் அந்த மூலை அவருக்குக் காலி, அதுவே ஒரு தகவல்தான்.

இப்போது வீட்டுப் பேச்சில் வந்த ‘கழட்டி’. F2 2,210, F3 3,010. வகுத்தால் 0.82, 1.11. யகர மூலைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. சந்தேகமே இல்லை, இது ‘கயட்டி’.

அடுத்து பொதுப் பேச்சில் வந்த ‘பழம்’. மென்பொருள் F2 1,610, F3 2,980 என்று காட்டுகிறது. F3 உயரம், ஆகவே யகரம் என்று எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் F2-ஐப் பாருங்கள். யகரம் என்றால் அது 2,000-க்கு மேல் இருக்க வேண்டும். 1,610 எந்த யகரத்துக்கும் பொருந்தாது. இங்கே நடந்தது வேறு. உண்மையான ழகரத்தில் F2-உம் F3-உம் அவ்வளவு நெருங்கிவிட்டதால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டது, நான்காவது பட்டையை மூன்றாவது என்று எண்ணிவிட்டது. எவ்வளவு நல்ல ழகரமோ அவ்வளவுக்கு இந்தப் பிழை வரும். இதைக் கவனிக்காத ஆய்வு, அழகாக நாக்கை மடித்தவரையெல்லாம் யகரக் கணக்கில் எழுதிவிடும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 1,700 பக்கம் ஒரு தடித்த பட்டை தெரியும், மென்பொருள் போடும் சிவப்புப் புள்ளிகள் அதன் நடுவே ஒற்றை வரிசையாக ஓடும். உச்சவரம்பை 5,500-இலிருந்து 5,000-க்கு இறக்கினால் புள்ளிவரிசை இரண்டாகப் பிரியும்: F2 1,480, F3 1,860. விகிதம் 0.55, 0.69. ழகர மூலை. பிரியவில்லையென்றால் முன்னால் உள்ள அகரத்தில் F3 கீழ்நோக்கிச் சரிகிறதா என்று பாருங்கள். ழகரம் தனக்கு முன்னுள்ள உயிரையும் இழுத்துக்கொண்டே வரும், யகரத்துக்கு முன் அப்படிச் சரியாது. எந்தெந்தச் சொல்லுக்கு உச்சவரம்பை மாற்றினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, ‘மழை’. F2 1,900, F3 2,480. விகிதம் 0.70, 0.92. எந்த மூலையிலும் இல்லை. இப்படி நடுவே தொங்குபவற்றை நடுப்புள்ளியோடு விடாமல் கால், அரை, முக்கால் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். தொடக்கத்தில் F3 தாழ்ந்து பிறகு F2-உம் F3-உம் ஏறினால், நாக்கு மடங்கத் தொடங்கி யகரமாக முடிந்திருக்கிறது. வீட்டு வழக்கிலிருந்து பொது வழக்குக்குத் தாவும் நேரத்தில் இப்படிப்பட்ட ஒலியை எதிர்பார்க்கலாம். ‘ய’ அல்லது ‘ழ’ என்று கட்டாயப்படுத்தி ஒரு பெட்டியில் அடைக்காமல் ‘இடை’ என்று தனி வகையாகவே எண்ணுங்கள்.

ஒருவரிடம் இப்படி நிலைக்குப் பதினைந்து ழகரமாவது அளந்தபின், வீட்டு நிலையில் பதினைந்தில் எத்தனை ய, எத்தனை இடை, எத்தனை ள, எத்தனை ழ, பொது நிலையில் எத்தனை என்று பக்கத்தில் பக்கம் எழுதுங்கள். ஒரு நிலைக்கு ஆறு பேரிடமும் சேரும் தொண்ணூறு ஒலிகளையும் ஒரே குவியலாக்கி விழுக்காடு போடாதீர்கள். ஒருவர் மட்டும் நிறையப் பேசியிருந்தால் அவர் வாய்தான் வடசென்னை என்று ஆகிவிடும். ஆளுக்கு ஒரு விழுக்காடு, அந்த ஆறு விழுக்காடுகள் தனித்தனியே.

காதையும் சோதிப்பது

அளவீடு முடிந்ததும் சொற்களை மட்டும் நறுக்கி, குலுக்கிப்போட்டு, யார் சொன்னது எந்த நிலை என்று தெரியாதபடி மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒருவர் வடசென்னை, ஒருவர் தென்மாவட்டம், ஒருவர் வேறு பகுதி. அறுபது துண்டு, அதில் பத்து மறுபடி வரும் துண்டுகள். மறுபடி வந்தபோது அதே பதிலைச் சொல்லாதவரின் காதை மிகவும் நம்ப வேண்டாம். ‘பழம்’ என்று முழுச்சொல்லைப் போட்டால் பொருள் தெரிந்து காது திருத்திக்கொள்ளும். அதனால் ‘அழ’ என்ற பகுதியை மட்டும், இருபக்க உயிரோடு நறுக்கிக் கொடுங்கள்.

தென்மாவட்டக் காதுக்கு ‘ள’ இயல்பாகப்படும், அதை ழகரம் என்றே எழுதிவிடும். வடசென்னைக் காது இடைநிலை ஒலியை ‘ழ’ என்று தாராளமாக ஏற்கக்கூடும். மூவரும் ஒத்துப்போகாத துண்டுகளை எடுத்து அளவீட்டோடு வைத்துப் பாருங்கள். அவை பெரும்பாலும் மேலே சொன்ன ‘இடை’ வகையாக இருந்தால் அளவீடு சரியாக நடந்திருக்கிறது. தெளிவான மூலையில் விழுந்தவற்றிலேயே மூவரும் முரண்பட்டால், எல்லை குறித்ததிலோ உச்சவரம்பிலோ ஏதோ தவறு. திரும்பப் போய்ப் பாருங்கள்.

பொது நிலையில் மட்டும் வரும் ஒரு பொறி

கவனமாகப் பேச முயல்பவர்கள் இல்லாத இடத்திலும் ழகரம் போடுவார்கள்: ‘நாழைக்கு’, ‘பழ்ழிக்கூடம்’, ‘அழவு’. நமக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் ஆய்வுக்கு இது தங்கம். பேசுபவருக்கு ழகரம் ‘நல்ல தமிழ்’ என்று தெரியும், எந்தச் சொல்லில் அது இருக்கிறது என்பது மட்டும் உறுதியில்லை என்பதை இது காட்டுகிறது. எந்த ஒலியிலிருந்து அங்கே தாவுகிறார் என்பதைப் பாருங்கள். வீட்டில் ழகரத்துக்கு யகரம் சொல்பவர் தடுமாறினால், தடுமாற்றம் ‘பயம்’, ‘வயசு’ போன்ற யகரச் சொற்களில் வரவேண்டும். ளகரச் சொற்களில் வந்தால், அவர் பொதுப் பேச்சைக் கற்றது ‘ள’ சொல்பவர்களிடமிருந்தோ, எழுத்தில் ள-ழ குழப்பத்திலிருந்தோ இருக்கலாம். அதனால் `L`, `y` என்று பெயரிட்ட ஒலிகளை வெறும் நங்கூரமாக மட்டும் வைக்காதீர்கள். பொது நிலையில் வந்த ஒவ்வொரு ளகர, யகரச் சொல்லையும் அளந்து, F3 விகிதம் 0.85-க்குக் கீழே இறங்கியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மூலைகளை நாட்ட வீட்டு நிலையின் ள, ய ஒலிகளை மட்டுமே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கோணிய அளவுகோலை வைத்து அளந்ததாகிவிடும்.